60 நாளுக்குப் பதில் 30 நாளில் பணம்: சப்ளையருக்கு மின்னஞ்சல் எழுதும் முறை, தேதிக் கணக்குடன்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கொள்முதலையும் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறேன். மே முதல் ஜூலை வரைதான் எங்களுக்குச் சீசன். பெங்களூரா மாங்காயைக் கூழாக்கி, 3.1 கிலோ டின்னில் அடைத்து, ஆறு டின்னை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புகிறோம். அந்த அட்டைப்பெட்டியை ஓசூரில் உள்ள ஒரு சிறு நிறுவனம் செய்து தருகிறது. பல வருஷமாக அவர்களுக்கு 60 நாள் கழித்துத்தான் பணம் கொடுத்துவந்தோம். 2025 ஏப்ரலில் அதை 30 நாளாக்கினோம். அதற்கு எழுதிய மின்னஞ்சலையும் அதன் பின்னால் இருந்த கணக்கையும் இங்கே முழுதாகச் சொல்கிறேன். பெட்டிக்குப் பதில் டின், லேபிள், உதிரி பாகம் எது வாங்கினாலும் கணக்கு இதே மாதிரிதான் வரும்.

"30 நாளில் பணம் தருகிறோம்" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம் என்று தோன்றும். அப்படி ஒருமுறை எழுதிச் சிக்கிக்கொண்டேன். அந்தச் சப்ளையர் பில் தேதியிலிருந்து எண்ணினார், நாங்கள் சரக்கு இறங்கிய நாளிலிருந்து எண்ணினோம். பில் 28-ம் தேதியில் போட்டிருந்தது, லாரி வந்து சேர்ந்தது அடுத்த மாதம் 3-ம் தேதி. யார் சொன்னதும் பொய்யில்லை. ஆனாலும் பணம் தாமதமாக வருகிறது என்ற பேர் எங்களுக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் மின்னஞ்சலில் வார்த்தை குறைந்தாலும் தேதி குறையக்கூடாது என்று சொல்வேன்.

முதலில் பார்க்க வேண்டியது: 60 நாள் என்பது உங்கள் கையில் இருக்கிறதா?

மின்னஞ்சலைத் திறக்கும் முன் சப்ளையரின் பில்லை எடுத்து, அதில் UDYAM-TN- என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு, உத்யம் சான்றிதழின் நகலை வாங்கி வையுங்கள். அதில் குறு, சிறு, நடுத்தர என்ற மூன்றில் எது என்று எழுதியிருக்கும். குறுவோ சிறுவோ ஆக இருந்து, சரக்கைத் தானே செய்து விற்கிறவராகவும் இருந்தால், 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு உங்களைக் கட்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், ஆனால் அந்த நாள் 45-ஐத் தாண்டக்கூடாது. எழுத்தில் ஒன்றுமே இல்லையென்றால் கணக்கு 15 நாள்தான். வாங்கி விற்கும் வியாபாரியாக மட்டும் பதிவு செய்தவருக்கு இந்தப் பாதுகாப்பு வராது.

ஆக, எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் அழகாக அச்சடித்திருந்த 60 நாளுக்குச் சட்டத்தில் 45 நாள் வரைக்கும்தான் மதிப்பு. அதற்கு மேல் போனால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதத்துக்கு மாதம் கூட்டு வட்டியாக ஏறும். 2025 ஏப்ரலில் அந்த விகிதம் 6.25 சதவீதம், அப்படியானால் வட்டி 18.75 சதவீதம். ஓசூர்க்காரர் அதைக் கேட்டதே இல்லை. கேட்கமாட்டார் என்ற நம்பிக்கையில் ஒரு கணக்கை நடத்துவது எனக்குப் பிடிக்கவில்லை.

வருமான வரியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவோடு (எச்) என்ற உட்பிரிவை 2023 நிதிச் சட்டம் சேர்த்தது. இப்படிப்பட்ட குறு, சிறு நிறுவனத்துக்குச் சட்டம் சொன்ன நாளுக்குள் பணம் போகவில்லையென்றால், அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்க முடியும். அதனால் இது கடிக்கிற இடம் மார்ச் 31-தான். நடுவருஷத்தில் தாமதமானாலும் அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டால் வரிக் கணக்கில் எதுவும் மாறாது.

எங்கள் கணக்கையே பாருங்கள். 2025 மார்ச் 18-ம் தேதி 3,000 பெட்டி இறங்கியது. பெட்டி 40 ரூபாய், மொத்தம் 1,20,000. (இந்தக் கட்டுரையில் எல்லாத் தொகையும் ஜிஎஸ்டி நீங்கலாக.) 60 நாள் கணக்கில் மே 17-ம் தேதி பணம் போகும். ஆனால் 45-வது நாள் மே 2. மே 2-க்குள் கொடுத்தால் 2024-25 கணக்கிலேயே கழியும். மே 17-ல் கொடுத்தால் அந்த 1,20,000 அந்த வருஷ லாபத்தோடு சேர்ந்துகொள்ளும். எங்களுடையது கூட்டாண்மை நிறுவனம், செஸ்ஸோடு சேர்த்து 31.2 சதவீத வரி, அதாவது 37,440 ரூபாயை முன்கூட்டியே கட்ட வேண்டிவரும். அடுத்த வருஷம் கழிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் சீசனுக்குக் காசு திரட்டும் நேரத்தில் 37,440 ரூபாய் சின்னத் தொகை இல்லை. 15 நாள் பிந்துவதற்கு அவ்வளவு விலை.

இதையெல்லாம் சப்ளையருக்கு விளக்கமாக எழுத வேண்டியதில்லை, ஒரு வரி போதும். ஆனால் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏனென்றால் 60-லிருந்து 30-க்கு வரும்போது "30 நாளை விட்டுக்கொடுக்கிறோம்" என்று பெரிதாகப் பேசத் தோன்றும். அதில் பாதி நாள் சட்டப்படி நம்முடையதே இல்லை.

எந்தத் தேதியிலிருந்து மாறுவது

பலரும் யோசிக்காமல் விடுகிற இடம் இதுதான். கெடுவை 60-லிருந்து 30-ஆகக் குறைத்தால், மாறும்போது ஏதோ ஒரு மாதத்தில் இரண்டு மாதச் சரக்குக்குப் பணம் போகும். பழைய கெடுவில் இறங்கியதற்கும் புதிய கெடுவில் இறங்கியதற்கும் நாள் ஒன்றாக வந்து விழும். இதைத் தவிர்க்க முடியாது. அது எந்த மாதத்தில் விழ வேண்டும் என்பதை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம்.

சீசனுக்கு நாங்கள் போட்டிருந்த திட்டம் இது: ஏப்ரல் 22-ல் 7,000 பெட்டி (2,80,000 ரூபாய்), மே 12-ல் 10,500 பெட்டி (4,20,000), ஜூன் 9-ல் 12,500 பெட்டி (5,00,000), ஜூலை 16-ல் 6,500 பெட்டி (2,60,000). சீசன் தொடங்கும் மே 1-லிருந்து 30 நாள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஏப்ரல் 22 சரக்குக்குப் பழைய 60 நாள், அது ஜூன் 21. மே 12 சரக்குக்குப் புதிய 30 நாள், அது ஜூன் 11. ஜூன் ஒரே மாதத்தில் 7,00,000. ஜூனில்தான் மாங்காய் லாரி வரிசையில் நிற்கும், விவசாயிக்கும் மண்டிக்கும் காசு எண்ணிவைக்க வேண்டும்.

ஏப்ரல் 1-லிருந்து மாறினால் ஏப்ரல் 22 சரக்குக்கு மே 22-ல் பணம் போகும். மார்ச் 18 பில்லை எப்படியும் மே 2-க்குள் முடிக்க வேண்டும். ஆக இரட்டைச் செலவு மே மாதத்தில் விழும், அதுவும் 4,00,000 மட்டும். ஜூனில் 4,20,000, ஜூலையில் 5,00,000. மாறும் நாளுக்கு முந்தைய மாதச் சரக்கு எவ்வளவு சிறியதோ அவ்வளவு லேசாகத் தாண்டிவிடலாம். எங்களுக்கு மார்ச் சிறிய மாதம், அதனால் ஏப்ரல் 1. உங்கள் தொழிலில் அது ஐப்பசியாகவோ தையாகவோ இருக்கலாம்.

இதோடு கணக்கு முடியவில்லை. மாத மொத்தத்தை மட்டும் பார்த்தால் நடுவில் வரும் மேடு தெரியாது. 60 நாளில் இருந்திருந்தால் ஜூலை 9 அன்று வரைக்கும் 4,00,000தான் கொடுத்திருப்போம், அடுத்தது ஜூலை 11. 30 நாளில் ஜூலை 9 அன்றைக்கே 13,20,000 கொடுத்து முடித்திருப்போம். இரண்டே நாள்தான் என்றாலும், அந்த இரண்டு நாளும் வங்கிக் கடன் வரம்பில் 9,20,000 இடம் வேண்டும். மின்னஞ்சல் அனுப்பும் முன்பே இந்தத் தாளை முதலாளியிடம் காட்டிச் சம்மதம் வாங்கினேன். சொன்ன கெடுவை முதல் மாதமே தவறவிடுவதைவிட 60 நாளிலேயே இருந்திருக்கலாம் என்றுதான் சப்ளையர் நினைப்பார்.

பதிலுக்கு என்ன கேட்கலாம்

முன்கூட்டியே பணம் கொடுத்தால் விலை குறைக்கச் சொல்லலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். கேட்கலாம், எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு வங்கிக் கடன் 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4,20,000-க்கு 30 நாள் வட்டி ஏறக்குறைய 3,625 ரூபாய், பெட்டிக்கு 35 பைசா. ஓசூர்க்காரர் 13 சதவீதத்தில் கடன் வாங்குகிறார் என்றால், அவருக்கு மிச்சமாவது ஏறக்குறைய 4,490 ரூபாய், பெட்டிக்கு 43 பைசா. இடைவெளி எட்டு பைசா! 40 ரூபாய்ப் பெட்டியில் "இரண்டு சதவீதம் தள்ளுபடி" என்று கேட்டால் 80 பைசா ஆகிறது. அது அவர் கைக்காசிலிருந்து போவது, நியாயமாக மறுத்துவிடுவார்.

நான் விலைக் குறைப்பைக் கேட்கவில்லை. சீசன் முடியும்வரை 40 ரூபாயை ஏற்றக்கூடாது என்று கேட்டேன். கிராஃப்ட் காகித விலை ஏறினால் நடுச் சீசனில் பெட்டிக்கு ஒரு ரூபாய் ஏற்றுவது சாதாரணமாக நடக்கும். நான்கு லோடுக்கும் சேர்த்து 36,500 பெட்டி, ஒரு ரூபாய் ஏறினால் 36,500 ரூபாய். நாங்கள் முன்கூட்டிக் கொடுப்பதால் நமக்கு ஆகும் வட்டி, 14,60,000-க்கு 30 நாள், ஏறக்குறைய 12,600. அவருக்கும் இது எளிது. 30 நாளில் பணம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஏப்ரலிலேயே காகிதத்தை வாங்கிப் போட்டுவிடுவார். ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். விலை, சீக்கிர டெலிவரி, இலவச லாரி என்று மூன்றையும் அடுக்கினால் கடிதம் பேரமாகிவிடும், பதில் வரப் பத்து நாளாகும்.

மின்னஞ்சல்

இதை அனுப்பியது மார்ச் 20, வியாழக்கிழமை. முதல் நாளே போனில் கூப்பிட்டு, "அண்ணா, கெடு விஷயமா நாளைக்கு ஒரு மெயில் வரும், நல்ல விஷயம்தான், படிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவைத்தேன். வாங்குகிறவர் தாமாகக் கெடுவைக் குறைக்கிறார் என்றால், ஆர்டரைக் குறைக்கப் போகிறார்களோ, வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றும். அதனால்தான் கடிதத்திலும் காரணத்தை முன்னாலேயே வைத்தேன்.

> பொருள்: பணம் செலுத்தும் கெடு 60 நாளுக்குப் பதில் 30 நாள் – 01-04-2025 முதல் இறங்கும் சரக்குக்கு
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். உங்களிடம் வாங்கும் அட்டைப்பெட்டிகளுக்கு இதுவரை 60 நாளில் பணம் செலுத்திவருகிறோம். உங்கள் நிறுவனம் உத்யம் பதிவில் சிறு நிறுவனமாக இருப்பதால் 45 நாளைத் தாண்டுவது சட்டப்படி சரியில்லை. மேலும், சீசன் நேரத்தில் உங்களுக்குப் பணம் சீக்கிரம் வந்தால் இருவருக்கும் வேலை எளிதாகும். ஆகவே 01-04-2025 முதல் எங்கள் ஆலையில் இறங்கும் சரக்குக்கு 30 நாளில் பணம் செலுத்த முன்வருகிறோம். ஆர்டர் அளவில் மாற்றம் இல்லை.
>
> நாள் எண்ணும் முறை: சரக்கு எங்கள் ஆலையில் இறங்கிய தேதி அல்லது பில் தேதி, இரண்டில் எது பிந்தியதோ அதற்கு மறுநாள் முதல் நாள். 30-வது நாள் வங்கி விடுமுறையாக இருந்தால், அதற்கு முந்தைய வேலை நாளில் பணம் அனுப்புவோம்.
>
> திட்டமிட்ட லோடுகளுக்கு இது இப்படி அமையும்:
>
> 22-04-2025 இறங்கினால், பணம் 22-05-2025 (பழைய முறையில் 21-06-2025)
> 12-05-2025 இறங்கினால், பணம் 11-06-2025 (பழைய முறையில் 11-07-2025)
> 09-06-2025 இறங்கினால், பணம் 09-07-2025 (பழைய முறையில் 08-08-2025)
> 16-07-2025 இறங்கினால், 30-வது நாள் 15-08-2025 விடுமுறை, ஆகவே பணம் 14-08-2025 (பழைய முறையில் 14-09-2025)
>
> 18-03-2025 அன்று இறங்கிய 3,000 பெட்டிக்கான பழைய பில்லை 02-05-2025-க்குள் செலுத்திவிடுவோம்.
>
> பெட்டியில் குறை இருந்தால், இறங்கிய 3 வேலை நாளுக்குள் எழுத்தில் தெரிவிப்போம். குறையில்லாத பெட்டிகளுக்கான பணம் மேலே சொன்ன தேதியில் வரும். குறையுள்ள பெட்டிகளுக்கு மட்டும், மாற்றுப் பெட்டி இறங்கிய தேதியிலிருந்து 30 நாள்.
>
> எங்கள் கோரிக்கை ஒன்றே: தற்போதைய விலை, பெட்டி ஒன்றுக்கு 40 ரூபாய், 31-07-2025 வரை மாறாமல் இருக்க வேண்டும்.
>
> இது உங்களுக்குச் சம்மதமானால், "20-03-2025 கடிதத்தில் உள்ள 30 நாள் கெடுவையும் 40 ரூபாய் விலையையும் ஏற்கிறோம்" என்று இந்த மின்னஞ்சலுக்கே 27-03-2025-க்குள் பதில் அனுப்புங்கள். மாற்றம் வேண்டுமானால் போனில் பேசலாம்.
>
> இப்படிக்கு,
> கொள்முதல் பிரிவு

இதில் கவனித்து எழுதிய இடங்கள்

"ஒரு மாதம்" என்று எழுதாமல் "30 நாள்" என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். மே 12-லிருந்து ஒரு மாதம் என்றால் ஜூன் 12, 30 நாள் என்றால் ஜூன் 11. ஒரு நாள்தானே என்று தோன்றும், ஆனால் இரண்டு பேருடைய கணக்கும் ஒத்துப்போகாது. இறங்கிய நாளை எண்ணாமல் மறுநாளை முதல் நாளாக வைப்பதையும் எழுதிவிட்டால் சண்டைக்கே இடமில்லை. சோதித்துப் பார்க்க எளிய வழி: மே 12-க்குப் பின் மே மாதத்தில் மிச்சம் 19 நாள், ஜூனில் 11 நாள், கூட்டினால் 30.

"இரண்டில் பிந்திய தேதி" என்ற வரி, முன்னே சொன்ன 28-ம் தேதிச் சண்டையிலிருந்து கற்றது. மாதக் கடைசியில் விற்பனைக் கணக்குக்காகப் பில்லை முன்னாலேயே போட்டுவிட்டுச் சரக்கைப் பிறகு அனுப்பும் வழக்கம் பல இடத்திலும் உண்டு. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர் சுற்றுதான், பில் போட்ட நாளே லாரி வந்துவிடும், பெரும்பாலும் இந்த வரிக்கு வேலையே இருக்காது. ஒரு எச்சரிக்கை: சட்டம் 45 நாளைச் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணும். கெடு 30 நாளாக இருப்பதால், பில் சில நாள் பிந்தி வந்தாலும் நாம் 45-க்குள்தான் இருப்போம். பில் இரண்டு வாரத்துக்கு மேல் பிந்தினால் மட்டும் விழித்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை வரி ஏன் என்பதற்கு ஆகஸ்ட் உதாரணமே போதும். 2025-ல் ஆகஸ்ட் 15 வெள்ளி சுதந்திர தினம், 16 சனி கிருஷ்ண ஜெயந்தி, 17 ஞாயிறு. "அடுத்த வேலை நாள்" என்று எழுதியிருந்தால் பணம் 18-ம் தேதிக்குப் போயிருக்கும். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து எல்லா நாளும் இயங்குகிறது, பணம் அனுப்பலாம்தான். ஆனால் எங்களில் செக்கிலோ ஆன்லைனிலோ கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவர் விடுமுறையில் ஊருக்குப் போய்விடுவார். முந்தைய நாள் என்று எழுதுவதுதான் பத்திரம்.

குறையுள்ள பெட்டி பற்றிய வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், 400 பெட்டி நனைந்திருந்தது என்று முழு லோடின் பணத்தையும் நிறுத்திவைக்கும் பழக்கம் வந்துவிடும். ஜூன் 9 லோடில் எங்களுக்கு அதுவே நடந்தது. இறக்கும்போது தூறல், 400 பெட்டி ஈரம். ஜூன் 12-ல் படத்தோடு மின்னஞ்சல் அனுப்பினோம். ஜூன் 16-ல் மாற்றுப் பெட்டி வந்தது. 12,100 பெட்டிக்கு 4,84,000 ரூபாய் ஜூலை 9-ல் போனது, 400 பெட்டிக்கான 16,000 ஜூலை 16-ல் போனது. சட்டத்திலும் எழுத்தில் ஆட்சேபம் சொல்ல 15 நாள்தான். அதற்குள் எழுதாவிட்டால் சரக்கு இறங்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகிவிடும். போனில் சொன்னது கணக்கில் வராது.

கடைசியாக அந்தப் பதில் வரி. சப்ளையர் போனில் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பதிலே எழுதாமல் விட்டால், பழைய ஆர்டரில் உள்ள 60 நாள்தான் தாளில் நிற்கும், அவர் கேட்டால் காட்ட 40 ரூபாய்க்கும் ஆதாரம் இருக்காது. அதனால் அவர் எழுத வேண்டிய வாக்கியத்தை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்கு மார்ச் 25-ல் அந்த ஒரே வரி பதிலாக வந்தது, அதோடு ஒரு கேள்வியும்: மார்ச் 18 பில்லையும் 30 நாளில், ஏப்ரல் 17-ல் தரமுடியுமா என்று. முடியாது, மே 2-தான் என்று அன்றே சொல்லிவிட்டேன். பார்க்கலாம் என்று இழுத்திருந்தால் அவர் ஏப்ரல் 17-ஐ எழுதிவைத்துக்கொண்டிருப்பார்.

பதில் வந்த பிறகு

அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரிலேயே கெடுவை மாற்றுங்கள். மின்னஞ்சல் ஒன்று சொல்ல, ஆர்டரில் பழைய 60 நாள் அச்சாகி வந்தால் ஆடிட்டர் எதை எடுப்பார் என்று சொல்ல முடியாது. டேலியில் சப்ளையர் லெட்ஜரைத் திறந்து Default credit period என்ற இடத்தில் 60-ஐ அழித்து 30 போட வேண்டும். ஏற்கெனவே போட்ட பில்களுக்குக் கெடுவைப் பில்லிலேயே போய்த் திருத்த வேண்டும், எங்கள் மார்ச் 18 பில்லுக்கு 45 என்று மாற்றினோம்.

பணம் போகும் நாளைக் கணக்கிட ஒரு சிறிய எக்செல் தாள் வைத்திருக்கிறேன். இறங்கிய தேதி B2-ல், பில் தேதி C2-ல், விடுமுறைப் பட்டியல் H2 முதல் H40 வரை. அந்தப் பட்டியலில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளையும் சேர்த்துவிடுங்கள், ஞாயிறை மட்டும் சூத்திரமே பார்த்துக்கொள்ளும்.

```
=WORKDAY.INTL(MAX(B2,C2)+31,-1,11,$H$2:$H$40)
```

31 கூட்டி ஒரு வேலை நாள் பின்னால் வருவதால், 30-வது நாள் வேலை நாளாக இருந்தால் அதுவே வரும், விடுமுறையானால் அதற்கு முந்தைய வேலை நாள் வரும். 16-07-2025 போட்டால் 14-08-2025 வரவேண்டும். 15 வந்தால், விடுமுறைப் பட்டியலில் ஆகஸ்ட் 15 இல்லை என்று பொருள். பக்கத்து நெடுவரிசையில் `=B2+45` என்று இன்னொரு தேதியையும் வைத்திருக்கிறேன். எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடு என்பதால் சட்டத்துக்கும் முதல் தேதிதான் கணக்கு, பில் பிந்தி வந்தாலும் அது இரண்டாவதைத் தாண்டவே கூடாது; மார்ச் மாத லோடுகளுக்கு முதல் தேதியைச் சிவப்பில் காட்டவைத்திருக்கிறேன்.